ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பவர்

"இனிமே அது வேண்டாம்க்கா. தப்பாப் போனாலும் திரும்பி வந்துரும்."

பாம்பனில் ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா போனை முந்தானையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வந்துருமா தம்பி?" என்று கேட்டார். "வந்துரும்க்கா" என்றேன். இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். முதல் முறை வாய்தவறி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது முறை அவர் கேட்டபிறகு சொன்னது.

நான் பிராண்ட் டிசைனர். பணம் அனுப்பும் ஆப் ஒன்றுக்கு லோகோ, நிறம், எழுத்து, அது பேசும் தொனி எல்லாவற்றையும் மாற்றும் வேலை எங்கள் குழுவிடம் இருந்தது. முதன்முதலாக ஸ்மார்ட்போன் எடுப்பவர்கள் இந்த ஆப்பைத் திறக்கவே பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கொடுத்த வேலை. நான் பரமக்குடிக்காரன் என்பதால் கடற்கரைப் பக்கம் போய் ஆட்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். பரமக்குடிக்காரனுக்கு ஏலக்கூடம் என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்குப் பணம் அனுப்பினாலும் முதலில் ஒரு ரூபாய் அனுப்புவார். உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டு "ஒரு ரூவா வந்துருச்சா?" என்று கேட்பார். வந்துவிட்டது என்றால் மீதியை அனுப்புவார். ஐஸ்காரருக்கு வாரக் கணக்குத் தீர்க்கும்போதும் அப்படித்தான். மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். அதற்குள் இரண்டு முறை பின் நம்பர் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் போனைத் தாலிக்கயிறு போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போடுவார். இதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய விதம்தான் இப்போது உறுத்துகிறது. 'நம்பிக்கை இல்லை, இரட்டை வேலை' என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆப்பைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பொத்தான்களெல்லாம் தமிழில் வந்துவிட்டன. ஆனால் போனில் பெயர்களைப் பதிந்தது கல்லூரி படிக்கும் மகள். அவள் இங்கிலீஷில்தான் பதிவாள். ஆப்பின் மொழியை மாற்றினால் அந்தப் பெயர்கள் மாறாது. பணம் பெறுபவரின் வங்கிப் பெயரும் அப்படித்தான், பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில் வந்து நிற்கும். ஆக, திரை முழுக்கத் தமிழ், ஆனால் யாருக்கு அனுப்புகிறோம் என்ற ஒரே ஒரு முக்கியமான இடம் மட்டும் இங்கிலீஷ். அக்கா அதை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே காட்டினார். பெயருக்கு முன்னால் வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருக்குமே, அந்த வட்டத்தின் நிறம்தான். "பச்சை மாமா ஐஸுக்காரரு. ஊதா மாமா தங்கச்சிமடத்துக்காரரு, இவுக வீட்டுப் பக்கம்." மகள் பதிந்திருந்த பெயர்கள் Mama Ice, Mama TM. இரண்டுக்கும் வட்டத்துக்குள் M.

அலுவலகத்தில் இதை ஒரு ஸ்லைடாகப் போட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். பச்சை மாமா, ஊதா மாமா என்று இரண்டு நாள் எங்கள் மேசைகளில் அதே பேச்சு. அப்புறம் மூன்றாவது வாரம் நான் உட்கார்ந்து அந்த வட்டங்களின் நிறத்தைப் பன்னிரண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தேன்.

ஏன் குறைத்தேன் என்பதை நியாயமாகவே சொல்ல முடியும். பன்னிரண்டு நிறத்தில் பெயர்ப் பட்டியல் பலூன் கடை மாதிரி இருந்தது. புதிதாகப் பார்ப்பவருக்கு எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாது. அந்தப் பன்னிரண்டில் சிவப்பும் உண்டு. சிவப்பு வட்டத்தைப் பார்த்து "இந்த ஆளுக்கு அனுப்பக்கூடாதா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அது உண்மையில் பெரிய குறைதான். சிவப்பு என்றால் ஏதோ தப்பு என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அதனால் அமைதியான மூன்று நீலங்கள், கடலின் மூன்று ஆழம் மாதிரி. இப்படித்தான் விளக்கவுரையில் எழுதினேன். கடலாம்! நிறத்தை யாரும் யாருக்கும் யோசித்து ஒதுக்குவதில்லை. பெயரின் எழுத்துகளை வைத்து உள்ளே ஒரு கணக்குப் போட்டு, வருகிற எண்ணுக்கு ஒரு நிறம். பன்னிரண்டு நிறம் இருந்தபோது இரண்டு மாமாவும் தற்செயலாகப் பிரிந்திருந்தார்கள். மூன்று நிறமானதும் தற்செயலாகவே சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நடுநீலம், அதே M.

இதை நான் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடு என் கையில்தான் இருந்தது. ஆனால் அப்போது அதை நான் ஒரு அழகான கதையாகத்தான் வைத்திருந்தேன். அது ஒரு வழிகாட்டிப் பலகை, அதைப் பிடுங்கினால் ஆள் வழிதவறும் என்று தோன்றவில்லை.

அப்டேட் வந்த பிறகு மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அக்கா ஐஸ் கணக்கு 3,400 ரூபாயைத் தங்கச்சிமடத்து மாமாவுக்கு அனுப்பிவிட்டார். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேனே.

அனுப்பிய அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ்காரர் வரவில்லை என்றார். அப்போதே தங்கச்சிமடத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அக்கா போடவில்லை. மூன்று நாள் காத்திருந்தார், பணம் திரும்பி வரும் என்று.

இந்த மூன்று நாள்தான் எனக்குத் தீரவே இல்லை. நான் 'திரும்பி வந்துரும்' என்று சொன்னது பொய் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் அனுப்பிய பணம் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. கணக்கில் கழிந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. மறுநாள் திரும்பி வந்தது. 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி அது. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் அனுப்பியது சேராமல் நின்றால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் அது பணம் போய்ச் சேராதபோது. சரியாகப் போய்ச் சேர்ந்து, சேர்ந்த ஆள் தப்பு என்றால் எதுவும் தானாகத் திரும்பாது. ஆப்பிலும் வங்கியிலும் புகார் கொடுக்கலாம். வாங்கியவர் ஒப்புக்கொண்டால்தான் திரும்பக் கிடைக்கும். சிஸ்டத்தின் கண்ணில் அங்கே தப்பே நடக்கவில்லை. அனுப்பியவரே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறார்.

நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'தப்பாப் போச்சு.' வழியில் மாட்டினாலும் தப்பாப் போச்சு, வேறு ஆளுக்குப் போனாலும் தப்பாப் போச்சு. அவர் கேட்டது எந்தத் தப்பைப் பற்றி என்று எனக்கு அப்போது தெரியாதா? ஒரு ரூபாய் அனுப்பி, அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்பவருக்கு எதைப் பற்றிய பயம் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி எனக்கு வசதியான தப்புக்குப் பதில் சொன்னேனா, உண்மையிலேயே கலந்துவிட்டதா? ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் வேறு பதில் வருகிறது.

தங்கச்சிமடத்து மாமா பணத்தைத் தரவில்லை. அதிலும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் எப்போதோ அவரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். மூன்று நாளாக யாரும் கேட்கவில்லை என்றதும், பழைய கடனைத்தான் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார், செலவும் செய்துவிட்டார். நான்காம் நாள் மகள் புகார் போட்டாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். ஐஸ்காரர் அந்த வாரம் கடனுக்குக் கொடுக்க மறுத்தார் என்று மகள் போனில் சொன்னாள். அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. "அண்ணே, அந்தக் கலரை ஏன் மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவளிடம் நான் விளக்கினேன், நீளமாக. கடைசித் திரையில் பெயர் வரும், தொகை வரும், பின் போடும் பக்கத்தில் மறுபடி வரும், அந்தப் பக்கம் எந்த ஆப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், எங்கள் கை அங்கே அதிகம் போகாது என்றெல்லாம். எல்லாம் உண்மை. படிக்கத் தெரியாதவரிடம் பெயர் இரண்டு முறை வரும் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சில நாள் எனக்கு நானே வேறு மாதிரி வாதாடுவேன். ஏலம் முடிகிற நேரத்து அவசரத்தில், ஈரக் கையோடு அழுத்தியிருப்பார். பன்னிரண்டு நிறம் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கலாம். மகள் ஒரு போட்டோ வைத்திருந்தால் நடந்தே இருக்காது. வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைக் குறைக்கச் சொன்னார்கள், நான் குறைத்தேன். அந்தப் பயம்தான் அவரை ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்க வைத்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் வைத்தது மூன்று நீலமும் ஒரு வாக்கும்.

அப்படியானால் பயம் இருக்கட்டும் என்று டிசைன் செய்ய முடியுமா? அதுவும் முடியாது. பயத்தில் போனையே தொடாமல், எல்லாவற்றுக்கும் கடைக்காரப் பையனிடம் பின் நம்பரைச் சொல்லி அனுப்பச் சொல்பவர்களையும் அதே கரையில் பார்த்தேன். அவர்களுக்கு நான் செய்தது நல்லதாகக்கூட இருந்திருக்கலாம்.

3,400 ரூபாயை நானே அனுப்பிவிடலாம் என்று எண்ணை எடுத்தேன். பெயர் வந்தது, வட்டம் வந்தது. சரியான ஆள்தானா என்று ஒரு சந்தேகம். ஒரு ரூபாய் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அக்காதான் எடுத்தார். "ஒரு ரூவா வந்துருக்கு தம்பி. என்னத்துக்கு?" சொன்னேன். "அதெல்லாம் வேணாம்யா. கொடுக்க வேண்டிய கடன் தானே, போகட்டும்" என்றார். அது பெருந்தன்மையா, என்னிடம் பேச்சை முடித்துக்கொள்ளும் வழியா என்று குரலில் பிடிபடவில்லை. அந்த ஒரு ரூபாய் அவர் கணக்கில்தான் இருக்கிறது.

பெயருக்குப் பக்கத்தில் வீடு, படகு, ஐஸ்பெட்டி என்று அவரவரே ஒரு படத்தைத் தேர்ந்து ஒட்டிக்கொள்ளும் வசதியை எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள். மூன்று நீலம் அப்படியே இருக்கிறது. போன மாதம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினோம். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கோடு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. தலைப்பு 'நம்பிக்கை கூடியிருக்கிறது'. தலைப்பை எழுதியது நான்தான், பாம்பனுக்குப் போய்வந்த கையோடு. கூட்டத்துக்கு முன்னால் அதை மாற்றலாம் என்று திறந்தேன். என்னவென்று மாற்றுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.