ஹாஜியார் இரண்டாம் பத்திக்குப் போனது எப்படி: நிறைவேற்றுச் சுருக்கம் எழுதிய அனுபவம்

வணிக முகாமைத்துவம் இறுதி வருடத்தில் ஒரு வணிகத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது பக்கம், அதன் முன்னால் ஒரு பக்க நிறைவேற்றுச் சுருக்கம். புள்ளி போடும் குழுவில் விரிவுரையாளர்களோடு உண்மையிலேயே காசு போடக்கூடிய ஒருவரையும் உட்கார வைப்பார்கள். எங்கள் வருடத்துக்கு வந்தவர் கிண்ணியா பக்கத்து வியாபாரி, ஹாஜியார். முதல் சுற்றில் எங்களின் வரைவுகளைக் கட்டாக வாங்கி எங்கள் முன்னாலேயே வாசித்தார். என்னுடையதில் முதல் பத்தி முடிந்ததும் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"மகள், திருகோணமலைத் துறைமுகத்த எனக்குத் தெரியும். உங்கட மீன் எங்க?" என்றார்.

நான் எழுதியிருந்த முதல் பத்தி இப்படித்தான் தொடங்கியது: "இலங்கை நாற்புறமும் கடலால் சூழப்பட்ட ஒரு தீவாகும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைக் கொண்ட திருகோணமலை மீன்வளம் நிறைந்த மாவட்டமாகும். தரமான கருவாட்டுக்கான கேள்வி நாளுக்கு நாள் அதிகரித்து வருகின்றது." ஆறு வரியில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு காசு வேண்டும் என்பது பக்கத்தின் கடைசி வரியில் கிடந்தது. திட்டத்தின் அத்தியாயங்கள் என்ன வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வசனம் எடுத்துச் சுருக்கியிருந்தேன்: அறிமுகம், சந்தை, உற்பத்தி, முகாமைத்துவம், நிதி. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செய்ததும் அதையேதான்.

தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சல்லியில் என் மாமா கட்டா மீனை வாங்கி உப்பிட்டு, பொலித்தீன் மூடிய கூடம் ஒன்றுக்குள் உலர்த்தி விற்கிறார். திறந்த மணலில் காய வைப்பதைவிட இதில் இலையானும் தூசியும் சேராது. ஒரு தடவைக்கு 60 கிலோ பச்சை மீன் போட்டால் ஏறக்குறைய 20 கிலோ கருவாடு வரும். மாதத்துக்கு ஏழு தடவை போடலாம் என்பது அவருடைய கணக்கு. கூடம் ஒன்றுதான் இருந்தது, இன்னும் மூன்று கட்ட வேண்டும். என் திட்டம் அதற்கானது.

இரண்டாம் வரைவு எழுதுவதற்கு முன் சேர் ஒரு வேலை சொன்னார். முதல் பத்தியை மட்டும் தனித்தாளில் எழுதி, இந்தத் தொழிலில் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் கொடு. நாற்பது விநாடியில் தாளைத் திரும்ப வாங்கு. அப்புறம், என்ன விற்கிறோம், ஏன் நம்பலாம், எவ்வளவு கேட்கிறோம் என்ற மூன்றையும் அவர்கள் வாயால் சொல்ல வை. மூன்றும் வந்தால், அடுத்து அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை எழுதி வைத்துக்கொள். இரண்டாம் பத்தி அந்தக் கேள்விக்கான பதில். அவ்வளவுதான் சொன்னார். நான் கற்றதில் மிகவும் பயன்பட்டது இதுதான், ஏனென்றால் சுருக்கத்தின் வரிசையை இனி நான் தீர்மானிக்கத் தேவையில்லை. வாசிப்பவருக்கு என்ன சந்தேகம் எந்த நேரத்தில் வருகிறதோ அதுவே வரிசை.

இப்படி மாற்றினேன்: "சல்லியில் கட்டாக் கருவாட்டை மூடிய சூரியக் கூடத்தில் உலர்த்தி, திருகோணமலை நகரக் கடைகளுக்கு விற்கிறோம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஒரே கூடத்தில் 840 கிலோ உலர்த்தி 9 கடைகளுக்குக் கொடுத்தோம். 7 கடைகள் மறுபடியும் கேட்டு வாங்குகின்றன. கேட்கும் அளவுக்குக் கொடுக்க ஒரு கூடம் போதவில்லை. மேலும் 3 கூடங்களுக்கும் மீன் வாங்கும் கைக்காசுக்குமாக 18 இலட்சம் ரூபா கேட்கிறோம்."

இதில் "தரமான" என்ற சொல் இல்லை என்பதைப் பாருங்கள். தரமானது என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். ஏழு கடைகள் மறுபடி வாங்கின என்பதை எல்லோராலும் எழுத முடியாது. அதேபோல் "சந்தையில் ஒரு வீதத்தைப் பிடித்தாலே போதும்" என்ற வசனத்தையும் எடுத்துவிட்டேன். ஒரு வீதம் எந்தக் கடையிலிருந்து வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்று பேரிடம் கொடுத்தேன். ஹோட்டலில் வேலை செய்யும் ஒன்றுவிட்ட அண்ணா, எங்கள் ஒழுங்கையிலுள்ள பலசரக்குக் கடை ஐயா, கூடப் படிக்கும் தோழி. முதல் இருவரும் கேட்ட கேள்வி ஒன்றேதான்: "மாரியில என்ன செய்யிறது?" தோழி மட்டும் கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டாள். அவள் கொழும்பில் வளர்ந்தவள். திருகோணமலையில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும் கடலையும் வெயிலையும் எப்படிக் கெடுக்கும் என்று இங்கே இருப்பவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, அவர்களுக்கு அந்தச் சந்தேகம் முதல் பத்தி முடியுமுன்பே வந்துவிடும். ஆகவே கிண்ணியா ஹாஜியாருக்கு எழுதும்போது மழைதான் இரண்டாம் பத்தி. கொழும்பில் ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்திருந்தால் இலாபக் கணக்கை முன்னுக்கு இழுத்திருப்பேன்.

மழைப் பத்தியை முதலில் மழுப்பலாக எழுதினேன்: "பருவகாலச் சவால்களை உரிய முறையில் எதிர்கொள்வோம்." பிறகு உண்மையை எழுதினேன். அந்த நான்கு மாதமும் உலர்த்த மாட்டோம், கூலியாட்கள் இல்லை, இட வாடகை மாதம் 4,000 மட்டும் போகும், ஆண்டுக் கணக்கு எட்டு மாதத்துக்கே போடப்பட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் பலவீனமாகத் தெரியுமோ என்று பயந்தேன். ஆனால் பன்னிரண்டு மாத வருமானம் காட்டியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே மடித்திருப்பார்.

மூன்றாம் பத்தி கணக்கு. இங்கே வாசிப்பவர் மனதுக்குள்ளேயே பெருக்கிப் பார்க்கும்படி எழுத வேண்டும், அட்டவணையெல்லாம் உள்ளே இருக்கட்டும். ஒரு கிலோ கருவாட்டுக்கு மூன்று கிலோ மீன், கிலோ 600 வீதம் 1,800 ரூபா. உப்பு, வெட்டுக்கூலி, பொதி எல்லாம் 400. கடைக்குக் கொடுப்பது 2,800. கிலோவுக்கு மிஞ்சுவது 600. புதிய மூன்று கூடங்களிலும் மாதம் 420 கிலோ, ஆக 252,000. அதில் நிலையான செலவு ஒரு இலட்சம் போக 152,000. எட்டு மாதத்துக்கு 1,216,000, மழை மாத வாடகை 16,000 கழித்தால் 12 இலட்சம். சுருக்கத்தில் இத்தனை வரியும் வேண்டாம். கிலோவுக்கு 600, மாதம் 420 கிலோ, எட்டு மாதம், ஆண்டுக்கு 12 இலட்சம் என்ற நான்கும் போதும். அவர் சந்தேகப்பட்டால் உள்ளே பார்ப்பார், பார்க்கும்போது அதே எண் அங்கே இருக்க வேண்டும்.

எனக்கு இருக்கவில்லை. சுருக்கத்தில் 18 இலட்சம், காசுப் பாய்ச்சல் பக்கத்தில் 17.1 இலட்சம். கூடம் ஒன்றின் விலையை 4.2 இலட்சத்திலிருந்து 4.5 ஆக்கியபோது சுருக்கத்தில் மட்டும் திருத்தியிருந்தேன். சேர் பென்சிலால் வட்டம் போட்டு ஒன்றும் சொல்லாமல் தந்தார். அன்றிலிருந்து சுருக்கத்தை முழுத் திட்டமும் முடிந்த பிறகே எழுதுகிறேன், அதில் வரும் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

18 இலட்சத்தைப் பிரித்தும் காட்டினேன். கூடங்களுக்கு 13.5, கைக்காசு 4.5. கைக்காசு எதற்கு என்று ஒரு வசனம் அவசியம், ஏனென்றால் பலர் இதைப் பார்த்துவிட்டு "மிச்சத்தை எடுத்துச் சாப்பிடப் போகிறார்கள்" என்று நினைப்பார்கள். கரையில் மீன்காரருக்கு அன்றே காசு எண்ணிக் கொடுக்க வேண்டும். உலர மூன்று நாள், கடைக்காரர் தர இரண்டு கிழமை. பதினேழு நாளுக்கான மீன் காசு ஏறக்குறைய 4.3 இலட்சம்.

இனி, நான் கிட்டத்தட்டக் கோட்டைவிட்ட இடம். திருப்பித் தருவதைப் பற்றி "ஆண்டுக்கு 15 வீத வட்டியுடன்" என்று எழுதியிருந்தேன். சேர் பார்த்துவிட்டு, "இதை யாரிட்டக் கொடுக்கப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஹாஜியார் வட்டிக்குக் காசு கொடுப்பவர் அல்ல. வட்டியில்லாத முளாரபா முறையில் காசு ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபத்தைப் பேசிய வீதத்தில் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே இலாபத்தில் பாதி, எங்கள் கணக்குப்படி வந்தால் ஆண்டுக்கு 6 இலட்சம் என்று மாற்றினேன். மாற்றிய பிறகுதான் இன்னொன்று விளங்கியது. அந்த முறையில் எங்கள் கவலையீனம் காரணமாக இல்லாமல் நட்டம் வந்தால் காசு நட்டம் போட்டவருடையது, எங்களுக்கு உழைப்பு வீண். அப்படியானவர் வட்டிக்குக் கொடுப்பவரைவிட நட்டம் எங்கே வரும் என்பதைத்தான் கவனமாக வாசிப்பார். மழைப் பத்தி முன்னுக்கு வந்தது சரிதான் என்பதற்கு இது இரண்டாவது காரணம். மாறாக வங்கிக்கு எழுதுவதானால் மாதத் தவணையும் பிணையும் முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

இறுதிச் சுற்றில் அதே மேசை, அதே ஹாஜியார். முதல் பத்தியைத் தாண்டினார். மழைப் பத்தியில் பேனையால் ஒரு கோடு போட்டார். கணக்கில் நின்று, உதடு அசைய எதையோ பெருக்கினார். பிறகு திரும்ப முதல் பத்திக்கே போனார்.

"ஒன்பது கடையில ஏழு மறுபடி எடுக்குது. மத்த ரெண்டும் ஏன் எடுக்கல்ல?"

ஒரு கடை மூடிவிட்டது. மற்றது உப்பு கூட என்று நிறுத்தியது, மாமா அதற்கப்புறம் உப்பைக் குறைத்தார். வாயால் சொன்னேன். "அதயும் எழுதுங்கோ" என்றார். எழுதினேன். இப்போது அந்த வசனம் முதல் பத்தியில் ஏழு கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாமா மட்டும் உப்புக் கதையை எடுத்துவிடச் சொல்லி இன்னும் நச்சரிக்கிறார்.