காகிதப் பட்டையை மூன்றாக மடித்தல்: வாய்மொழித் தேர்வுக்குப் படித்தவை

அளவுகோல் இல்லாமல் ஒரு காகிதப் பட்டையை மூன்று சம பாகமாக மடிக்க வேண்டும். மடித்த பிறகு, அது ஏன் சரியாக வருகிறது என்று விளக்க வேண்டும். தொடர்வரிசைகளும் எல்லையும் படிக்கும்போது செய்முறையோடு எனக்கு வந்த கேள்வி இது. மடிப்பது எளிது. விளக்கத்தில்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நான் தயாரான விதத்தை எழுதுகிறேன். இதே கேள்விக்கோ, எல்லை பற்றிய வேறு கேள்விக்கோ படிப்பவர்களுக்கு உதவும்.

இரண்டாக மடிப்பதில் சிக்கலே இல்லை. முனையை முனையோடு பொருத்தினால் நடுக்கோடு தானாக விழுந்துவிடும். மூன்றுக்கு அப்படிப் பொருத்த எதுவும் இல்லை. ஆனால் இரண்டாக மடிப்பது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து மூன்றை அடையலாம். ஓரிகாமிக்காரர்கள் இதை ஜப்பானியக் கலைஞர் ஷூசோ புஜிமோட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள்.

பட்டையைக் கிடையாக வையுங்கள். இடது முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று கண்ணுக்குப் படும் இடத்தில் ஓரத்தை மட்டும் லேசாகக் கிள்ளி அடையாளம் வையுங்கள். இதை இடக்கோடு என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, வலது முனையை எடுத்து அந்த இடக்கோட்டின் மேல் பொருத்தி, மடிப்பு விழும் இடத்தைக் கிள்ளிவிட்டு விரியுங்கள். இது வலக்கோடு. இப்போது இடது முனையை இந்த வலக்கோட்டின் மேல் பொருத்திக் கிள்ளுங்கள். புதிய இடக்கோடு கிடைக்கும். பழையதை மறந்துவிட்டு, வலது முனையைப் புதிய இடக்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். இப்படியே வலம், இடம் என்று மாறி மாறி. அடையாளங்கள் ஒரே இடத்தில் விழத் தொடங்கியதும் அந்த இரண்டு கோடுகளையும் முழுதாக, அழுத்தி மடித்துவிடலாம்.

சரி, ஏன் வேலை செய்கிறது? சூத்திரத்துக்குப் போகும் முன் ஒரு பட்டையை எண்களோடு பார்ப்பது நல்லது. நீளம் 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சரியான பங்கு 100. கண் மதிப்பில் 120-இல் கிள்ளிவிட்டோம், அதாவது 20 மி.மீ. அதிகம். இடது பாகம் 20 கூடுதலாக எடுத்துக்கொண்டதால், மற்ற இரண்டு பாகங்களுக்கும் சேர்த்து 20 குறைகிறது. வலது முனையை இடக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கும்போது, மீதமிருக்கும் 180 இரண்டு சம பாதியாகிறது. ஆக நடுப்பாகம் 90, வலப்பாகம் 90. இருபது குறை இருவருக்குப் பத்துப் பத்தாகப் பிரிந்துவிட்டது.

விஷயமே இதில்தான் இருக்கிறது. இப்போது வலப்பாகத்தில் குறை 10 தான். அப்படியென்றால் இடது பாகமும் நடுப்பாகமும் சேர்ந்து 10 அதிகமாக, 210 ஆக இருக்கின்றன. இடது முனையை வலக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால் அந்த 10 இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 5 ஆகிறது. இடக்கோடு 105-க்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மடிப்பும் பிழையை இரண்டு பாகங்களுக்குப் பங்கிடுகிறது; அதனால்தான் பிழை பாதியாகிறது. தொடர்ந்தால் வலப்பாகம் 97.5, இடப்பாகம் 101.25, வலப்பாகம் 99.375, இடப்பாகம் 100.3125 என்று போகும். ஆறாவது மடிப்பில் பிழை மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. சாதாரணத் தாளில் கையால் மடிக்கும்போது இதைவிட நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது, மடிப்புத் தடத்துக்கே ஒரு அகலம் உண்டு.

இதைச் சூத்திரமாக எழுதும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும் பாகத்தின் நீளத்தை x என்று கொள்ளுங்கள். அது இடப்பாகமா வலப்பாகமா என்று பார்க்க வேண்டாம். பட்டையின் நீளம் L என்றால்,

```
x(n+1) = (L - x(n)) / 2
```

இங்கேதான் பலர் செய்வது இது: இரண்டு பக்கமும் x என்று போட்டு, x = (L − x)/2, அதனால் 3x = L, அதனால் x = L/3 என்று எழுதி, நிரூபித்தாயிற்று என்று பேனாவை வைத்துவிடுவார்கள். இது பாதி விடைதான். தொடர்வரிசை ஓர் இடத்துக்குப் போய்ச் சேருமானால் அந்த இடம் L/3 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று மட்டுமே இது சொல்கிறது. போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லவில்லை.

அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது இன்னொரு மடிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். முதல் பங்கைக் கண் மதிப்பில் மடித்து, அதே அளவில் இன்னொரு சுருட்டு சுருட்டி, மிஞ்சும் துண்டு எவ்வளவு என்று பார்ப்பார்கள், இல்லையா? மிஞ்சும் துண்டு L − 2x. அந்தத் துண்டையே அடுத்த மதிப்பீடாக எடுத்து மறுபடி சுருட்டினால் x(n+1) = L − 2x(n). இதிலும் இரண்டு பக்கமும் x போட்டால் x = L/3 தான் வரும். ஆனால் 300 மி.மீ. பட்டையில் 101-இல் தொடங்கிப் பாருங்கள்: 98, 104, 92, 116. ஒரு மில்லிமீட்டர் பிழை நாலு படியில் பதினாறாகிவிட்டது. விடை ஒன்றே, ஆனால் ஒரு மடிப்பு அதை நோக்கி வருகிறது, இன்னொன்று அதிலிருந்து ஓடுகிறது.

அதனால் விடைத்தாளில் பிழையை முதலில் எழுதுங்கள். x(n) = L/3 + e(n) என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால், L/3 அழகாகக் கழிந்துபோய் e(n+1) = −e(n)/2 என்று மட்டும் மிஞ்சும். n மடிப்புக்குப் பிறகு பிழை, முதல் பிழையை 2-இன் n-ஆம் அடுக்கால் வகுத்ததுதான். அது பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, முடிந்தது. குறி மாறுவதற்கும் கையில் அர்த்தம் இருக்கிறது: இடப்பாகம் அதிகம் என்றால் வலப்பாகம் குறை, மறுபடி இடப்பாகம் அதிகம்.

“முதல் மதிப்பீடு ரொம்பத் தப்பாக இருந்தால்?” என்ற துணைக்கேள்வியை எதிர்பார்க்கலாம். முதல் அடையாளத்தை இடது முனையிலேயே வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதாவது x = 0. வலது முனையை அங்கே கொண்டுவந்தால் 150, அடுத்து 75, 112.5, 93.75 என்று அதுவும் 100-ஐ நோக்கித்தான் வரும். நல்ல மதிப்பீடு சில மடிப்புகளை மிச்சப்படுத்தும், அவ்வளவே.

“கை தவறினால்?” என்பது இன்னும் நல்ல கேள்வி. முனையைக் கோட்டோடு பொருத்தும்போது 1 மி.மீ. விலகினால், மடிப்பு நடுவில் விழுவதால் அது அரை மில்லிமீட்டர்தான் நகரும். அடுத்த மடிப்பில் அந்த அரையும் கால் ஆகும், பிறகு அரைக்கால். முன்பு செய்த தவறுகள் தேய்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் 1 மி.மீ. தவறினால்கூட எல்லாம் சேர்ந்து 0.5 + 0.25 + 0.125 என்று போய் 1 மி.மீ.-க்குள் அடங்கிவிடும். கடைசி இரண்டு மூன்று மடிப்புகளில் கவனம் இருந்தால் போதும்.

செய்முறையில் குழப்பம் வரும் இடம், அடையாளங்கள் நெருங்கி நெருங்கி விழுவது. எது புதியது என்று தெரியாமல் போகும். மேலே உள்ள எண்களை மறுபடி பாருங்கள்: இடக்கோடு 120, 105, 101.25, 100.31, வலக்கோடு இடது முனையிலிருந்து 210, 202.5, 200.625. எல்லாமே ஒரே திசையில் நகர்கின்றன. முதல் மதிப்பீடு அதிகமாக இருந்தால் புதிய அடையாளம் எப்போதும் பழையதற்கு இடப்பக்கம், குறைவாக இருந்தால் வலப்பக்கம். திடீரென்று திசை மாறி விழுந்தால் இரண்டில் ஒன்று: பட்டை சாய்வாக மடிந்திருக்கிறது, அல்லது பிழை உங்கள் கையின் நுணுக்கத்துக்குக் கீழே வந்துவிட்டது. பட்டையின் நீள ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்திருக்கின்றனவா என்று பார்த்தால் எது என்று தெரியும். இன்னொரு தவறு, இடது முனையை வலக்கோட்டுக்குப் பதிலாக இடக்கோட்டுக்கே கொண்டுபோய்விடுவது. அப்போது ஆறில் ஒரு பங்குதான் வரும். மடிக்கும்போது பட்டையின் பெரும்பகுதி மடிகிறதா என்று பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

கடைசியாக, சரியாக வந்ததா என்று சோதிப்பது. இப்போதுதான் மடித்த மடிப்பை மறுபடி மடித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. அது பொருந்தத்தான் செய்யும், அப்படிப் பொருத்தித்தானே மடித்தோம். கடைசியாக இடக்கோட்டைப் போட்டிருந்தால், வலக்கோட்டில் மடித்து வலது முனை எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நம் பட்டையில் வலக்கோடு 200.625, வலப்பாகம் 99.375, ஆக முனை 101.25-இல் வந்து நிற்கும். இடக்கோடு 100.31-இல் இருக்கிறது. இடைவெளி ஏறத்தாழ 0.94 மி.மீ., அதாவது இடப்பாகத்தின் பிழையைப் போல மூன்று மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பிழையை இந்தச் சோதனை மூன்று மடங்காக்கிக் காட்டுகிறது. எந்தப் பட்டையிலும் இந்த மூன்று மடங்கு மாறாது, e வைத்து நீங்களே சரிபார்க்கலாம். இடைவெளி 1 மி.மீ.-க்கு மேல் தெரிந்தால் இன்னும் இரண்டு முறை மடியுங்கள், அது கால் பங்காகிவிடும்.

ஒரு வரம்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சம பாகம் கிடைத்தாலும், ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே சுருட்டி மடிக்கும்போது உள்ளே போகும் பாகம் தாளின் தடிமனால் மடிப்பில் முட்டும். கனமான அட்டையில் இது நன்றாகத் தெரியும். அங்கே உள்பாகத்தை ஓரிரு மில்லிமீட்டர் சிறிதாக விட வேண்டும். முன்னும் பின்னுமாக விசிறி போல மடித்தால் அந்தத் தொல்லை இல்லை.