இருபதாம் தேதி இரவும் பச்சைக் கொட்டைக் கணக்கும்

ஏற்காட்டுக் காபியை மாதச் சந்தாவில் அனுப்பும் தொழில் அண்ணியுடையது. அதில் கணக்கும் கொள்முதல் திட்டமும் என் பொறுப்பு. ஒரு பெட்டியில் கால் கிலோ காபித்தூளும் கொஞ்சம் மிளகும் இருக்கும். பச்சைக் கொட்டை மலையிலிருந்து இறங்கும். வறுப்பதும் அரைப்பதும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில். சந்தாதாரர் ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று அழுத்தினால் அது ஸ்கிப். சிக்கரி கலந்த தூளை விட்டுத் தூய காபி கேட்டால் ஸ்வாப். இரண்டுக்கும் 20ஆம் தேதி இரவு கெடு வைத்திருந்தோம். 22ஆம் தேதி பணம் பிடிக்கப்படும், 25ஆம் தேதி கூரியர் வரும்.

சந்தா மென்பொருளின் முகப்பில் ‘நடப்புச் சந்தாதாரர் 400’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்கிப் செய்தவர்களும் அதில் அடக்கம், ஏனென்றால் அவர்கள் சந்தாவை விட்டுப் போனவர்கள் அல்லர். அந்த எண்ணை நம்பி வறுத்தால் மாதக் கடைசியில் தூள் மூட்டையாக நிற்கும். பச்சைக் கொட்டை என்றால் பல மாதம் தாங்கும். அரைத்த தூளின் மணம் சில வாரங்களில் போய்விடும். ஆகவே கெடு முடியும்வரை வறுவல் எந்திரத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கெடுவுக்கு முன்பே முடிவாக வேண்டியது ஒன்றுதான்: தோட்டத்துக்கு 14ஆம் தேதி எத்தனை கிலோ சொல்வது?

அந்தத் தேதிக்குள் எத்தனை ஸ்கிப், மாத முடிவில் மொத்தம் எத்தனை என்று மாதாமாதம் குறித்து வந்தேன். சுமார் கால் பங்குதான் 14க்குள் வரும்; மீதி கடைசி இரண்டு நாளில் கொட்டும். 12 வந்திருந்தால் 48 என எதிர்பார்க்கலாம். 400இல் 48 போக 352. வங்கியில் பணம் இல்லாமல் திரும்புவது பத்து. ஆக 342 பெட்டி.

கணக்கு இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசிப் புகார்கள் அதிகமாயின. “தம்பி, பணம் எடுக்கப்போவதாக இப்போதுதானே மெசேஜ் வந்தது, நிறுத்தலாம் என்று போனால் கெடு முடிந்தது என்கிறது” என்றார் கோவையிலிருந்து ஓர் அம்மா. அவர் சொன்னது நியாயம். தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்கள் தகவல் 21ஆம் தேதி போனது. ஸ்கிப் பொத்தானோ முதல் நாள் இரவே பூட்டிக்கொண்டது. ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போட நினைத்தவர்கள் வேறு வழியில்லாமல் யுபிஐ செயலியில் தானியங்கி அனுமதியையே ரத்து செய்துவிட்டார்கள். ஸ்கிப் என்றால் அடுத்த மாதம் தானே திரும்பும். ரத்தானவரை மறுபடி புதிதாகச் சேர்க்க வேண்டும்.

கெடுவை அப்படியே விட்டு, பணம் பிடிக்கும் நாளை 21 காலைக்கும் தகவலை 19க்கும் முன்னால் கொண்டுவந்தோம். ரத்து குறைந்தது, ஸ்கிப் கூடியது. கூடியவை எல்லாம் தகவலுக்குப் பின் வந்தவை. அதனால் பழைய கால் பங்கு செல்லாமல் போய், 14க்குள் வருவது ஐந்தில் ஒரு பங்கானது. அதே 12க்கு இப்போது 60 ஸ்கிப், 330 பெட்டி. தகவல் போகும் நாளை நகர்த்தினால் பழைய விகிதங்களைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மே மாதத்தை நான் சராசரியில் சேர்ப்பதே இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாதத் தொடக்கத்திலேயே ஸ்கிப் செய்துவிடுகிறார்கள்.

நள்ளிரவிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. மென்பொருளின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடியதால் எங்கள் நள்ளிரவுக் கெடு உண்மையில் விடியற்காலை 5.30க்குத்தான் முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு எடுத்த பட்டியலுக்கும் காலைப் பட்டியலுக்கும் ஏழெட்டுப் பெயர் வித்தியாசம் வர, அதை வைத்தே கண்டுபிடித்தோம். அமைப்பில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது.

ஸ்வாப் பெட்டியின் எண்ணிக்கையை மாற்றாது என்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. எடையில்தான் அது பிடிபடும். வறுக்கும்போது எங்கள் கொட்டை ஆறில் ஒரு பங்கு எடை இழக்கிறது. கால் கிலோ தூய தூளுக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி கலந்ததற்கு 240 கிராம் போதும். நூறு பேர் தூய காபிக்கு மாறினால் ஆறு கிலோ கொட்டை கூடுதலாகத் தேவைப்படும், ஐந்து கிலோ சிக்கரி மிஞ்சும். 330 பெட்டியில் நூறு தூயது என்றால் அதற்கு 30 கிலோ, மற்ற 230க்கு 55 கிலோ 200 கிராம். மொத்தம் 85 கிலோ சொச்சம். தோட்டத்துக்கு 90 சொல்கிறேன். மிஞ்சும் பச்சைக் கொட்டை அடுத்த மாத வறுவலில் முதலில் போகிறது.