44லருந்து 41

நம்ம வீட்டுக்குச் சாப்பிட எத்தன பேர் வர்றாங்கன்னு டெலிகிராம் குரூப்ல ஒரு பாட் கேட்டு கணக்கு எடுக்குது. அது போட்டு, நான் பின் பண்ணி வச்ச மெசேஜ் காலைல 44னு காட்டுச்சு, இப்ப பாத்தா 41. சமையல்காரர் வேற லைன்ல நிக்கிறார்.

நோண்டிப் பாத்தா, "நாங்க 4 பேர்"னு முன்னாடி போட்ட மச்சான் இன்னிக்கு "நா மட்டுந்தான்"னு போட்டிருக்கார். பாட் ஆளுக்கு ஒரு பதில்தான் வச்சுக்கும், புதுசு வந்தா பழசை அழிச்சிடும். வந்ததையெல்லாம் சும்மா கூட்டிக்கிட்டே போயிருந்தா 45னு காட்டிருக்கும், நாலு இலை வீணு.

சித்தப்பா மட்டும் கணக்குலயே ஏறல. பாட் கேட்ட கேள்விக்கு ரிப்ளை அடிக்காம தனியா "குடும்பத்தோட வரோம்"னு போட்டுட்டார். அட்மினா இல்லாம, பிரைவசி மோடும் ஆன்ல இருந்தா பாட்டுக்கு அதுக்கு வர்ற ரிப்ளை, கமாண்டு இதுகதான் தெரியும், குரூப்ல மத்தவங்க பேசுறது எதுவும் போய்ச் சேராது.

சேந்திருந்தாலும் குடும்பம்னா எத்தன பேருன்னு அது என்னத்த கண்டுச்சு, நமக்கே தெரியாதே! நம்பர் இல்லாம வர்ற பதிலை எல்லாம் பேரோட "கேக்கணும்"னு டேலிக்குக் கீழ தனியா போடுது பாருங்க, எனக்கு அதான் புடிச்சிருக்கு.

போன் போட்டேன், 6 பேராம். பாட் கேட்ட கேள்விக்கு ஒரு ரிப்ளை அடிச்சிடுங்க சித்தப்பான்னா, "எங்கண்ணன் வீட்டுக்கு வர மெஷின்கிட்ட சொல்லணுமாடா"ங்குறார்.