ஏரிப் பாசன உரை ஒன்றை அத்தியாயங்களாகப் பிரித்த அனுபவம்

ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றி ஆற்றிய உரையின் ஒலிப்பதிவு, ஏறத்தாழ 110 நிமிட நீளத்தில், என்னிடம் வந்தது. ஏரியின் மிகுநீர் வெளியேறும் கலிங்கைப் பற்றி மட்டும் கேட்க வருகிற ஒருவர் அந்தப் பகுதியை நேரடியாகச் சென்றடைய வேண்டும் என்பதால், உரையை யூடியூபில் ஏற்றும்போது அத்தியாயங்களும் தலைப்புகளும் சேர்க்கத் தீர்மானித்தோம். முழு உரையையும் கேட்டுக் கேட்டுக் கையால் குறிப்பதற்குப் பதிலாக, எழுத்தாக்கிய உரையிலிருந்து தலைப்பு மாறும் இடங்களைக் கணினியே முன்மொழியும்படி செய்தேன்.

இதன் அடிப்படை 1990களில் மார்ட்டி ஹெர்ஸ்ட் முன்வைத்த டெக்ஸ்ட் டைலிங் என்ற முறை. ஒரு பொருளைப் பற்றிப் பேசும்வரை அதற்குரிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பொருள் மாறும்போது சொற்களும் மாறும். ஆகவே உரையின் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு முன்னுள்ள பகுதியையும் பின்னுள்ள பகுதியையும் ஒப்பிட்டு, ஒற்றுமை எங்கே சரிகிறதோ அங்கே எல்லை இருக்கலாம் என்று கொள்வதே அந்த முறை.

பேச்சுத் தமிழில் இதை அப்படியே செயல்படுத்த முடியவில்லை. ‘ஏரில’, ‘ஏரிக்கு’, ‘ஏரியோட’, ‘ஏரிலேர்ந்து’ ஆகிய நான்கையும் சொற்களை எண்ணும் நிரல் நான்கு வெவ்வேறு சொற்களாகவே கருதுகிறது. இதனால் ஒரே பொருளைப் பேசும் இரண்டு நிமிடங்கள்கூடத் தொடர்பற்றவை போலத் தோன்றி, ஒற்றுமைக் கோடு முழுவதும் தாழ்ந்தே கிடந்தது. அதனால் எல்லைகளைக் கண்டறியச் சொல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தமிழையும் உள்ளடக்கிய `LaBSE` என்ற பன்மொழி மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் அதன் பொருளைக் குறிக்கும் எண்வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றிக்கொண்டேன். எழுத்தாக்கிய உரையில் முற்றுப்புள்ளிகளை நம்ப முடியாது என்பதால் வாக்கியங்களாகப் பிரிக்காமல், நேரக் குறிகளை வைத்து 20 வினாடித் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு புள்ளியிலும் முன்னே ஆறு துண்டுகள், பின்னே ஆறு துண்டுகள், அதாவது இருபுறமும் இரண்டிரண்டு நிமிடங்கள், ஒப்பிடப்பட்டன. இந்தச் சாளரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தால் ஒவ்வோர் எடுத்துக்காட்டும் புதிய அத்தியாயமாகத் தெரிந்தது. ஐந்து நிமிடமாக்கினால் சிறிய பகுதிகள் பக்கத்துப் பகுதிகளுக்குள் கரைந்துபோயின.

எல்லையைத் தீர்மானிப்பது ஒற்றுமை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதல்ல, இருபுறமும் உள்ள மேடுகளிலிருந்து அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே. அதைப் பள்ளத்தின் ஆழம் என்று வைத்துக்கொண்டால், கணக்கு இவ்வளவுதான்:

```
depth(i) = (L - s(i)) + (R - s(i))
```

இதில் `s(i)` அந்தப் புள்ளியின் ஒற்றுமை. `L`, `R` இரண்டும் இடப்புற, வலப்புற மேடுகளின் உயரங்கள். கலிங்கைப் பற்றிய பேச்சு முடிந்து, ஏரியின் நீரையும் சேற்றையும் வெளியேற்றும் குமிழித்தூம்பு பற்றிய பேச்சு தொடங்கும் 41ஆவது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒற்றுமை 0.38, இடப்புற மேடு 0.71, வலப்புற மேடு 0.69. ஆக ஆழம் 0.33 + 0.31 = 0.64. உரை முழுவதிலும் இதைவிட ஆழமான பள்ளங்கள் மிகச் சிலவே என்பதால் இந்த எல்லையில் ஐயமே எழவில்லை. ஆனால் பள்ளத்தின் அடி, பேச்சாளர் உண்மையில் தலைப்பை மாற்றிய இடத்துக்கு முக்கால் நிமிடம் தள்ளி இருந்தது. அவர் “இப்ப குமிழித்தூம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம்” என்று அறிவித்துவிட்டு, கலிங்கைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிய பிறகே உள்ளே நுழைந்தார். கேட்பவருக்கு வேண்டியது அந்த அறிவிப்பு வாக்கியத்திலிருந்துதான். எனவே ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஒரு நிமிடத்துக்குள் ‘அடுத்ததா’, ‘பாப்போம்’, ‘இப்ப வந்து’ போன்ற தொடக்கங்களையோ நீண்ட இடைவெளியையோ தேடி, எல்லையை அங்கே நகர்த்தும்படி அமைத்தேன். பார்வையாளர்களின் வசதிக்கு இந்தச் சிறிய திருத்தம், மாதிரியை மாற்றுவதைவிட அதிகம் உதவியது என்பது என் கணிப்பு.

அதிக நேரம் எடுத்துக்கொண்டவை கிளைக்கதைகள். கரையைப் பலப்படுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், தாம் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மழை இரவில் கரை உடைந்ததையும், ஊரார் மணல் மூட்டைகளோடு ஓடிவந்ததையும் மூன்று நிமிடம் விவரித்துவிட்டு மீண்டும் கரைக்கே திரும்பினார். கதைக்குள் நுழையும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் இரண்டு பள்ளங்கள், இரண்டும் எல்லையாக ஏற்கப்படும் அளவுக்கு ஆழமானவை. பள்ளத்தை மட்டும் பார்த்து இதைத் தலைப்பு மாற்றத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. கதைக்கு முந்தைய பகுதியையும் பிந்தைய பகுதியையும் நேரடியாக ஒப்பிட்டால் பிரித்தறியலாம்: அவை இரண்டும் கதையை ஒத்திருப்பதைவிடத் தம்முள் அதிகம் ஒத்திருந்து, இடைப்பட்ட பகுதி நான்கு நிமிடத்துக்குள் அடங்கினால், அது கிளைக்கதை, மூன்றையும் ஒன்றாக இணைத்துவிடலாம். இருந்தாலும், அப்படிப்பட்ட நிகழ்வைத் தேடித்தான் பலர் வருவார்கள் என்பதால், அந்த அத்தியாயத் தலைப்பில் கரை உடைந்த இரவையும் குறிப்பிடச் செய்தேன். இறுதியில் வரும் கேள்வி பதில் பகுதியில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பள்ளம். அதை எல்லைக் கணக்கிலிருந்தே விலக்கி ஒரே அத்தியாயமாக வைத்தேன்.

தலைப்புக்குச் சொற்கள் தேவை. வெக்டர்கள் அங்கே உதவுவதில்லை. ஆகவே வேற்றுமை உருபுகளைக் களைந்து, ஒரு சொல் இந்த அத்தியாயத்தில் எவ்வளவு மிகுதியாகவும் மற்ற அத்தியாயங்களில் எவ்வளவு அரிதாகவும் வருகிறது என்று எடை போட்டேன். எல்லா இடத்திலும் வரும் ‘ஏரி’யும் ‘தண்ணி’யும் தாமாகவே பின்தங்கி, 41ஆவது நிமிடப் பகுதிக்குத் தூம்பு, துளை, சேறு, கல் ஆகியவை மேலே வந்தன. மேலே உள்ள நீரோடித் துளை வழியே தண்ணீரும் கீழே உள்ள சேறோடித் துளை வழியே வண்டலும் வெளியேறுவதைத்தான் அவர் அங்கே விளக்குகிறார். அத்தியாயத்தின் முதல் நிமிடத்தில் இந்தச் சொற்களை அதிகம் கொண்ட வாக்கியத்தை நிரல் முன்மொழியும்; அதைப் பார்த்து எழுத்துத் தமிழில் சிறிய தலைப்பாக நான் அமைப்பேன். முடிவில் கிடைத்தவற்றின் ஒரு பகுதி இது:

```
00:00 ஏரி அமையும் இடமும் நிலச் சரிவும்
31:05 கலிங்கு: மிகுநீர் வெளியேறும் வழி
40:32 குமிழித்தூம்பு: நீரும் சேறும் பிரியும் முறை
```

யூடியூப் அத்தியாயங்களாக ஏற்க, முதல் நேரக் குறி 00:00 ஆகவும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையிலும், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

எழுத்தாக்கத்தில் உள்ள பிழை நேராகத் தலைப்பில் போய் உட்கார்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘கலிங்கு’ சில இடங்களில் ‘கலிங்கம்’ என்றும், ‘தூம்பு’ ‘தும்பு’ என்றும் விழுந்திருந்தன. சொல் இரண்டாகச் சிதறுவதால் அதன் எடையும் குறைந்துவிடுகிறது. துறைச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எடை போடுவதற்கு முன்பே திருத்திவிட்ட பிறகுதான் தலைப்புகள் தெளிந்தன. கைத்தட்டலும் மௌனமும் உள்ள இடங்களில் மென்பொருள் ஒரே வரியைப் பலமுறை எழுதியிருந்ததையும் நீக்கினேன். அந்த வரிகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் ஒத்திருப்பதால் அங்கே இல்லாத மேடொன்றை உண்டாக்கி, பக்கத்துப் பள்ளங்களைத் தேவைக்கு மேல் ஆழமாகக் காட்டின.

இந்த முறைக்கு எட்டாத இடமும் இருந்தது. தூர்வாருவதில் தொடங்கிய பேச்சு, வண்டல் சேர்வது, ஏரிக்குள் விவசாயம் செய்வது, ஆக்கிரமிப்பு என்று அடிமேல் அடியாக நகர்ந்து 18 நிமிடங்களில் வேறொரு பொருளுக்குப் போய்விட்டது. ஒற்றுமைக் கோட்டில் எங்குமே பள்ளம் விழவில்லை. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டால் பொருள் மாறியிருப்பது தெரிகிறது, ஆனால் எந்த வினாடியில் மாறியது என்று கோடு சொல்வதில்லை. அந்தப் பகுதியை முழுவதும் கேட்டு, ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை அவர் முதன்முதலாகச் சொல்லும் இடத்தில் எல்லையைக் கையாலேயே வைத்தேன்.