கலிபோர்னியாவில் பார்மசிஸ்ட் ஆக: 1500 மணி நேரமும் சட்டத் தேர்வும்

ஊட்டியில் பார்ம்.டி படிக்கும் பிள்ளைகள், நான் குன்னூருக்கு லீவில் வரும்போதெல்லாம், வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்க எழுத வேண்டிய எஃப்.பி.ஜி.இ.இ தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். அது முதல் படிதான். நாள் கணக்கில் நம்மை இழுத்தடிப்பது அதற்குப் பின்னால் வரும் இன்டர்ன் மணிநேரமும் சட்டத் தேர்வும். இரண்டுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எனக்குத் தெரிந்தது கலிபோர்னியா என்பதால் அதையே சொல்கிறேன்.

எஃப்.பி.ஜி.இ.இ எழுதத் தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2003 ஜனவரி 1-க்குப் பிறகு படித்து முடித்தவர்களுக்குக் குறைந்தது ஐந்து வருட பார்மசி படிப்பு வேண்டும். நான்கு வருட பி.பார்ம் போதாது, மேலே எம்.பார்ம் முடித்திருந்தாலும் அந்தக் குறை தீராது. ஆறு வருட பார்ம்.டி-க்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தத் தேர்வும் ஆங்கிலத் தகுதியும் முடிந்து, வெளிநாட்டுப் படிப்பை ஏற்றுக்கொண்டதற்கான எஃப்.பி.ஜி.இ.சி சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கலிபோர்னியா பார்மசி போர்டு இன்டர்ன் லைசென்ஸ் தரும்.

கோத்தகிரித் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆறாவது வருஷம் முழுக்க வார்டு வார்டா சுத்துனோமே, அது கணக்குல வராதா?" வராதும்மா. இன்டர்ன் லைசென்ஸ் வாங்கிய பிறகு, பார்மசிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் வேலையைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தம் 1500 மணி நேரம். அதில் 900 மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரி பார்மசியிலோதான் இருக்க வேண்டும். மீதி 600-ஐ பார்மசி சார்ந்த வேறு வேலையில் சேர்க்கலாம்.

வெளிநாட்டில் படித்தவருக்கு அந்த லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குத்தான். வாரம் 40 மணி நேரம் கிடைத்தால் 38 வாரத்தில் முடியும். 20 மணி நேரம்தான் கிடைத்தால் 75 வாரம் ஆகும், நடுவில் இடம் மாறினால் மூச்சு முட்டும். இடம் கிடைப்பதும் லேசில்லை, ஏனென்றால் அங்கே ஒரு பார்மசிஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு இன்டர்ன்களுக்கு மேல் மேற்பார்வை பார்க்கக் கூடாது. அதனால் வேலைக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். விசாவில் வேலை அனுமதி இருக்கிறதா என்பது தனி விஷயம், இன்டர்ன் லைசென்ஸ் அந்த அனுமதியைத் தராது.

மணிநேரத்துக்கு மேற்பார்வை பார்த்த பார்மசிஸ்ட் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். என் தோழி வேலை பார்த்த கடையில் பார்மசிஸ்ட் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கையெழுத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் சின்ன நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், கூட இருந்த பார்மசிஸ்டின் பெயர், லைசென்ஸ் எண் எல்லாம் எழுதிவைத்தேன். ஒரு கடையை விட்டுக் கிளம்பும் அன்றைக்கே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் சட்டம். பார்மசிஸ்ட் லைசென்ஸுக்கான நாப்ளெக்ஸ் தேர்வு எல்லா மாநிலத்துக்கும் பொது. சட்டத் தேர்வாக மற்ற பல மாநிலங்கள் எம்.பி.ஜே.இ வைக்க, கலிபோர்னியா தனக்கென்று சி.பி.ஜே.இ வைத்திருக்கிறது. மத்திய சட்டத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனால் தடுமாறுவீர்கள். ஓர் உதாரணம்: அல்பிரசோலம், 30 நாளைக்கு, ஐந்து ரீஃபில், அதாவது அதே சீட்டுக்கு இன்னும் ஐந்து தடவை மருந்து தரலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் நான்காம் அட்டவணையைச் சேர்ந்தது. மத்திய சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐந்து ரீஃபில் வரை தரலாம். கலிபோர்னியாவில் அதே ஐந்துதான் உச்சவரம்பு, ஆனால் எல்லா ரீஃபிலும் சேர்ந்து 120 நாள் அளவைத் தாண்டக் கூடாது. 30 நாள் வீதம் நான்கு ரீஃபிலோடு 120 முடிந்துவிடும், ஐந்தாவதைத் தர முடியாது. முதல் தடவை கொடுத்தது ரீஃபில் இல்லை என்பதால் அந்த 30 நாளை இதில் கூட்டக் கூடாது. கூட்டினால் மூன்று என்று தப்பான விடை வரும். நியூயார்க்கிலோ அல்பிரசோலம் போன்ற பென்சோடையசிபைன் மருந்துகளுக்கு ரீஃபிலே கிடையாது.

இப்படி மத்திய விதியும் மாநில விதியும் மாறுபடும் இடங்களில் எது கடுமையோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். நான் தாளில் மூன்று கட்டம் போட்டு, மருந்து அட்டவணை வாரியாக மத்திய விதி, கலிபோர்னியா விதி, எது கடுமை என்று எழுதிப் படித்தேன். பக்கம் பக்கமாகச் சட்டத்தைப் படித்ததைவிட அதில்தான் தெளிவு வந்தது. சொந்தக்காரர் இருக்கிறார் என்று பின்னால் வேறு மாநிலத்துக்குப் போக நினைப்பவர்கள், சி.பி.ஜே.இ மதிப்பெண் அங்கே செல்லாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலம் கேட்கும் சட்டத் தேர்வை அங்கே போய்ப் புதிதாக எழுத வேண்டும்.