தாத்தாவின் கோட்டு என்ன கலர்?

அத்தைக்கு எண்பத்திரண்டு ஆகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது என் தப்பு. "ஒண்ணும் வேண்டாம்டா. அந்த 1951 போட்டோவைக் கலர் பண்ணிக் கொடு, போதும்" என்றாள். நானும் கம்ப்யூட்டரில் ஏதோ கிறுக்குகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று தலையாட்டிவிட்டேன். ஐந்து ஞாயிறு போனது. நடுவில் ஒரு வாரம் அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை.

போட்டோ கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. தாத்தா வேட்டியும் கோட்டும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பாட்டி பட்டுப்புடவையில். நடுவில் எட்டு வயது அத்தை, பின்னால் பன்னிரண்டு வயதுப் பெரியப்பா. அப்பா அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் புடவை கலர் பற்றி அவருக்கும் ஒரு கருத்து இருந்தது.

முதல் ஞாயிறு ஸ்கேன். படம் பழுத்து மஞ்சளாகியிருந்ததால் முதலில் இருக்கிற கலரையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலே வண்ணம் பூசினால் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்துவிடும். அப்புறம் கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாம் சரிசெய்தேன். இந்த வேலையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை, முதுகுவலி மட்டும்தான்.

கிம்ப் மென்பொருளில் கலர் போடுவது கேட்பதற்கு ரொம்ப எளிது. சாம்பல் படத்துக்கு மேல் காலியாக ஒரு லேயர் வைத்து, அதன் மோடை LCh Color என்று மாற்றிவிட்டால், நீங்கள் பூசும் வண்ணத்தில் நிறம் மட்டும்தான் படத்தில் இறங்கும். வெளிச்சமும் நிழலும் கீழே இருக்கும் பழைய படத்தினுடையவை. அதனால் கண், மூக்கு, மடிப்பு எதுவும் அழியாது. நான் நல்ல மாநிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாலு பேர் முகத்திலும் கையிலும் ஒரே இழுப்பாகப் பூசி, பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன்.

"கொலு பொம்மை மாதிரி இருக்கு" என்றாள்.

உண்மைதான். நிஜமான தோல் ஒரே நிறம் கிடையாது. கண்ணாடி முன் போய் நின்று பார்த்தேன். நெற்றி கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்கிறது. கன்னம், மூக்கு நுனி, காது, விரல் முட்டி இவற்றில் ரத்தம் தெரிகிறது, அங்கெல்லாம் சிவப்பு கூடுகிறது. சவரம் செய்த தாடையில் ஒரு சாம்பல் பூத்திருக்கிறது. வெளிச்சம் பட்டு மினுங்கும் இடத்தில் நிறமே வெளுத்துப் போகிறது, நிழல் விழும் இடத்தில் செம்பழுப்பாகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே பழுப்பை அடித்தால் மண்பொம்மைதான் வரும்.

ஆகவே அடிப்படை மாநிறம் ஒரு லேயர். அதன் மேல் கன்னத்துக்கும் காதுக்கும் செம்மண் நிறத்தில் ஒரு லேயர், தாத்தா தாடைக்கு லேசான நீலச்சாம்பலில் இன்னொன்று. இரண்டையும் முதலில் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு போட்டுவிட்டு, பிறகு லேயரின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கலர் போட்டது தெரியாமல் போகிற இடத்தில் நிறுத்த வேண்டும். மினுங்கும் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மாஸ்க் வைத்து வண்ணத்தைப் பாதியாகக் கழித்தேன். கண்ணின் வெள்ளையில் தோல் நிறத்தைத் துளி விட்டேன். சுத்த வெள்ளையாக விட்டிருந்தால் பெரியப்பா பேய் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்.

பொம்மை மனுஷனானது. உடனே அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது.

"எங்கப்பா நல்ல சிவப்பு" என்றாள் அத்தை.

"சிவப்பா? என்னைவிட ஒரு சாயல் கறுப்பு" என்றார் பெரியப்பா. பெரியப்பாவே காப்பிக்கொட்டை.

நான் போட்டோவிடம் கேட்கலாம் என்று பார்த்தால் அதுவும் இரண்டு நாக்கில் பேசியது. தாத்தாவின் முகம் வெளுப்பு. முழங்கால் மேல் வைத்திருக்கும் கை நல்ல கறுப்பு. ஒரே மனிதருக்கு இரண்டு பேரின் உடம்பு. ஸ்கேனைப் பெரிதாக்கிக் கன்னத்தைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தோலில் கமா கமாவாக, மயிரிழையில் வெளிர்க் கோடுகள். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தீட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் இதற்கென்றே டச்சிங் பண்ணுகிறவர்கள் இருந்தார்கள். நெகட்டிவில் பென்சில் கரி ஏறின இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே குழி போகும், கூடவே இரண்டு சாயல் கறுப்பும் போகும். முகத்துக்கு மட்டும்தான் இந்த மரியாதை. கைக்கு யார் பென்சில் செலவழிப்பார்கள்?

ஆக, அத்தை ஞாபகத்தில் இருந்த சிவப்பு அப்பாவில் பாதி பென்சில்.

இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. எனக்கும் மதியச் சாப்பாடு முக்கியம். முகத்தை அப்படியே விட்டு, கையின் நடுச்சாயலை மட்டும் கர்வ்ஸில் கொஞ்சம் தூக்கினேன். கழுத்து நிழலை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். நிறத்துக்கு மாதிரி வேண்டுமே, அதற்கு அத்தையின் உள்ளங்கைக்கு மேலே வெயில் படாத முன்கையை, திண்ணை நிழலில் வைத்து மொபைலில் படம் பிடித்துக்கொண்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் பச்சை ஏறிவிடும். "கையை எதுக்குடா போட்டோ எடுக்கற, ரேகை பாக்கப் போறியா?" என்றாள்.

அடுத்தது புடவை. அம்மா, அத்தை பேச்சுவார்த்தை முறிந்தது இதில்தான்.

அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பாட்டியிடம் ஒரு நீலப்பட்டு இருந்தது, அதுதான் இது என்று அடித்துச் சொன்னாள். அத்தை, அரக்கு உடம்பு, பச்சைக் கரை என்றாள். பெரியப்பாவுக்கு மயில்கழுத்து. அப்பா யாருடைய பேச்சையும் கேட்காமல், "மாம்பழக் கலர்" என்றார். "நீ பொறக்கவே இல்லையேடா" என்று அத்தை அவர் வாயை அடைத்தாள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்து நிறத்தைத் திருப்பி எடுக்க முடியாது. ஒரே சாம்பலுக்குள் அரக்கும் இருக்கலாம், கரும்பச்சையும் இருக்கலாம். ஆனால் இல்லாத நிறம் எது என்று சில சமயம் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு சாட்சி பாட்டியின் நெற்றியிலேயே இருந்தது. குங்குமப் பொட்டு.

குங்குமம் என்ன நிறம் என்பதில் எந்த வீட்டிலும் சண்டை வராது. எல்லா நிறத்தையும் ஏற்கும் பான்குரோமாட்டிக் பிலிமில் எடுத்தால் அது நடுச்சாம்பலாக விழும். பாட்டியின் பொட்டோ தலைமயிர் போல மைக்கறுப்பு. உதடும் அப்படியே. அப்படியானால் சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் வகைப் பிலிம் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவு, சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவலாம் என்பதால் ஸ்டுடியோக்காரர்களுக்குச் சௌகரியம். அதில் சிவப்பு கறுக்கும், நீலம் வெளுக்கும். நம் மாநிறத்தோலும் உள்ளதைவிடக் கறுத்துத்தான் விழும். பென்சில் ஏன் அவ்வளவு ஓடியது என்பதும் இப்போது விளங்கியது.

புடவை உடம்பு கிட்டத்தட்டப் பொட்டு அளவுக்குக் கறுப்பு. கரை அதைவிட வெளிர். நீலமோ மயில்கழுத்தோ இந்தப் பிலிமில் இவ்வளவு கறுத்திருக்காது. மாம்பழத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கணக்கு அத்தை பக்கம் சாய்ந்தது.

"பொட்டை வெச்சு எப்படிடா புடவையைச் சொல்லுவ?" என்று அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

புடவையையே காட்டினால் முடிந்தது, ஆனால் அது சரிகைக்காரனிடம் போய் எவர்சில்வர் அண்டாவாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்த அண்டாவில்தான் இன்றும் தண்ணீர் பிடிக்கிறோம். கடைசியில் அப்பா டிரங்குப் பெட்டியில் இருந்து ஜாதகக் கட்டை எடுத்து வந்தார். அதைச் சுற்றியிருந்த பாட்டியின் பழைய புடவைத் துண்டு சாணக் கலரில் வெளிறிக் கிடந்தது. மடிப்பைப் பிரித்தேன். வெளிச்சமே படாத உள்மடிப்பில், ஒரு விரல் அகலத்துக்கு, அப்போதுதான் தறியில் இருந்து இறங்கியது போல அரக்கு. ஓரத்தில் ஒரு கீற்று இலைப்பச்சை.

அதையும் சோதித்தேன். துணியை நிழலில் படம் எடுத்து, சானல் மிக்சரில் சிவப்பை 0 ஆக்கி, பச்சையும் நீலமும் பாதிப்பாதி வைத்துச் சாம்பலாக மாற்றினேன். பழைய பிலிமின் பார்வைக்கு இது சுமாராகக் கிட்டத்தில் வரும். உடம்பு கறுத்தது, கரை ஒரு படி வெளுத்தது, போட்டோவில் இருக்கிற அதே வரிசை. அம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த நீலம் வேற புடவை" என்று உள்ளே போய்விட்டாள். தோல்வியை இதைவிடக் கண்ணியமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அரக்கைப் பூசியபோது ஒன்று கற்றுக்கொண்டேன். ஆழமான மடிப்பு நிழலில் முழு அடர்த்தியில் கலர் விட்டால், உள்ளே பல்பு எரிவது போலக் கனல்கிறது. நிழலில் குறைக்க வேண்டும். சரிகைக்குப் பளீர் மஞ்சள் கூடாது, நடுச்சாயலில் மங்கிய தேன்பழுப்பு, பளபளக்கும் புள்ளிகளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட வேண்டும். வேட்டியும் வெறும் வெள்ளை இல்லை. தரையின் பழுப்பு அதன் கீழ்ப்பக்கம் துளி ஏறினால்தான் தாத்தா நாற்காலியில் உட்கார்கிறார், இல்லாவிட்டால் ஒட்டி வைத்த மாதிரி மிதக்கிறார்.

மிச்சம் கோட்டு. கை நீளம் விரல் முட்டி வரை வழிந்தது. இரண்டாவது பட்டன் மட்டும் வேறு மாதிரி. "அப்பா அளவு கொடுத்துத் தைச்சது. கருநீலக் கம்பளி" என்றாள் அத்தை. கோட்டு இருக்கிற கறுப்பைப் பார்த்தால் இந்தப் பிலிமில் பழுப்பாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆனால் ரொம்ப அடர்ந்த நீலமும் கறுப்பாக விழலாம். இதற்கு ஜாதகக் கட்டில் துண்டு கிடையாது. பிறந்தநாள் அவளுடையது, கருநீலமே போட்டேன்.

பிரேம் போட்டு எல்லோர் முன்னாலும் பிரித்தோம். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். முதலில் தன் பாவாடையைத்தான் பார்த்தாள். "கிளிப்பச்சை. சரியாப் போட்டிருக்க."

பெரியம்மா பிரேமுக்குக் கிட்டே குனிந்தாள். அவள் பிறந்த வீடும் கும்பகோணம்தான். மொபைலை எடுத்து எதையோ தேடி நீட்டினாள். அவள் அப்பாவின் போட்டோ. அதே திரைச்சீலை, அதே பூஜாடி. கோட்டு அவருக்குக் கச்சிதம். இரண்டாவது பட்டன் மட்டும் வேறு மாதிரி.

"ஸ்டுடியோ கோட்டு" என்றாள் பெரியம்மா. "காப்பிப்பொடி கலர்னு எங்கப்பா சொல்லுவார். வர்றவா எல்லாருக்கும் அதையே மாட்டி விடுவானாம்."

கூடம் அமைதியானது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அத்தை மொபைலை வாங்கி, மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, பட்டனை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா கிட்டதான் இரவல் வாங்கியிருக்கார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.